எழுத்துக்குள் ஒரு நீர்க்குறி



சென்ற ஆண்டு ஒரு மாலையில் என் நண்பரின் மகள் வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். கையில் அவள் எழுதிக் கொடுத்த கட்டுரையின் அச்சுப்படி. முதல் பக்கத்தின் மேல் மூலையில் சிவப்பு மையில் ‘87% ஏஐ’ என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். மதிப்பெண் போடவில்லை. “மாமா, இதை நான்தான் எழுதினேன். அதை எப்படி நிரூபிக்கிறது?” என்று கேட்டாள். அப்போது அவளுக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லை. இன்று நான் பேசப்போவதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியதுதான்.

அந்த 87 எங்கிருந்து வந்தது? ஒரு மென்பொருள் அவளுடைய நடையைப் பார்த்து ஊகித்த எண் அது. வாக்கியங்கள் ஒரே சீராக இருக்கின்றனவா, அடுத்த சொல் எளிதில் ஊகிக்கக் கூடியதாக வருகிறதா என்று பார்த்து, இயந்திரம் எழுதியிருக்கலாம் என்று சொல்கிறது. இதை நம்பி ஒருவருடைய படிப்பில் கை வைக்கக் கூடாது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதிய நூறு பகுதிகளில் 26-ஐத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதிய நூறில் ஒன்பதை இயந்திரத்தின் கணக்கில் போட்டது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே 2023-இல், ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஆராய்ச்சியாளர்கள் ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியவை என்றன. கற்றுக்கொண்ட மொழியில் அளவான சொற்களை வைத்துக்கொண்டு நேராக எழுதுகிற பிள்ளைகள்தான் இதில் முதலில் மாட்டுகிறார்கள்.

எழுதி முடித்த பிறகு நடையைப் பார்த்து ஊகிப்பதைவிட, இயந்திரம் எழுதும்போதே அதற்குள் ஓர் அடையாளத்தைப் பதித்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். நீர்க்குறி, வாட்டர்மார்க் என்பது அதுதான். ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காந்தி தெரிகிறார். அந்த உருவத்துக்கு மை கிடையாது. காகிதம் செய்யும்போதே நார் சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் படிவதால் வருகிற உருவம். எழுத்தில் தடிப்பும் மெலிவும் எங்கே இருக்கும்? சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

மொழி மாதிரி ஒவ்வொரு சொல்லாகத்தான் எழுதுகிறது. ‘மழை’ என்று எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ‘பெய்தது’ வரலாம், ‘கொட்டியது’, ‘பிடித்தது’, ‘தூறியது’ வரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு வைத்திருக்கிறது. பிறகு சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல ஒன்றை எடுக்கிறது. 2023-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு சொன்ன யோசனை, இந்தக் குலுக்கலில் கொஞ்சம் கை வைப்பது. முந்தைய சொல்லையும் ஓர் இரகசியச் சாவியையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கின்படி மாதிரியின் சொற்பட்டியல் முழுவதும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி பச்சை, மறுபாதி சிவப்பு. ‘மழை’க்குப் பிறகு ‘கொட்டியது’ பச்சையாக இருக்கலாம்; வேறொரு சொல்லுக்குப் பிறகு அதே ‘கொட்டியது’ சிவப்பாகிவிடும். பச்சைச் சொற்களுக்கு மாதிரி சற்றுக் கூடுதல் எடை கொடுக்கிறது. ‘பெய்தது’ம் ‘கொட்டியது’ம் ஏறத்தாழ சமமாகப் பொருந்துகிற இடத்தில் பெரும்பாலும் பச்சைதான் வரும். வாசகருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

சாவி கையில் இருப்பவர் பின்னால் வந்து எண்ணிப் பார்க்கிறார். 200 சொல் இருக்கிற ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். மனிதர் எழுதியிருந்தால் அவருக்குப் பச்சையும் தெரியாது, சிவப்பும் தெரியாது. நாணயத்தை 200 முறை சுண்டுவது மாதிரிதான்: சுமார் 100 பச்சை வரும், வழக்கமாக ஏழு முன்பின் இருக்கும். இந்த ஏழுதான் அளவுகோல். அதைப் போல் நான்கு மடங்குக்கு மேல் விலகினால் மட்டுமே ‘குறி உண்டு’ என்று சொல்வதாக வைத்தால், 129 பச்சையாவது இருக்க வேண்டும். நம் பகுதியில் எண்ணிப் பார்த்தால் 142 இருக்கிறது. ஒரு மனிதருக்குத் தற்செயலாக அப்படி அமைய நூறு கோடியில் ஒன்றிரண்டு வாய்ப்புத்தான். இது நடையைப் பார்த்துச் சொன்ன 87 சதவீதத்தைப் போன்ற எண் கிடையாது. எங்கிருந்து வந்தது, தவறாகும் வாய்ப்பு எவ்வளவு என்று யாரும் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய எண். அந்த அளவில் இந்த முறையின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

இப்போது இதே கணக்கை வைத்துக்கொண்டே இது எங்கே கைவிடும் என்று பார்ப்போம்.

முதலில் நீளம். 200 சொல்லுக்குப் பதில் 25 சொல் உள்ள ஒரு வாட்ஸ்அப் செய்தி. அதே விகிதத்தில் பச்சை இருந்தால் 18 இருக்கும். 25 சொல்லில் 18 பச்சை என்பது, சொந்தமாக எழுதுகிற நூறு பேரில் இரண்டு பேருக்குத் தற்செயலாகவே அமைந்துவிடும். நாம் வைத்த அளவுகோலின்படி 25-இல் 23 வந்தால்தான் தீர்ப்புச் சொல்லலாம். ஊரை உசுப்பிவிடும் வதந்திகள் பெரும்பாலும் இந்த நீளத்தில்தான் வருகின்றன. அங்கே இந்த முறை வாய் திறக்காது.

அடுத்தது திருத்தம். ஒருவர் அந்த 200 சொல்லில் ஒவ்வொரு நான்காவது சொல்லையும் மாற்றுகிறார். மாற்றியது 50 சொல்தான். ஆனால் ஒரு சொல்லின் நிறத்தை அதற்கு முந்தைய சொல்தானே தீர்மானிக்கிறது? ஆகவே மாற்றிய சொல்லின் நிறமும் போயிற்று, அதற்கு அடுத்த சொல்லின் நிறமும் போயிற்று. 100 இடங்களில் குறி அழிந்து, பழையபடி நாணயம் சுண்டின கதையாகிவிட்டது. அங்கே 50 பச்சை. மீதி 100 இடங்களில் 71. கூட்டினால் 121. எல்லைக்கோடு 129. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கைப்படத் திருத்தினால் குறி எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நோட்டைப் பாதியாகக் கிழித்தால்கூடக் காந்தியின் பாதி முகம் மிஞ்சும். எழுத்தில் அப்படி மிஞ்சுவதற்கு எதுவும் இல்லை. ஒரு கூட்டுத்தொகை குறைகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, தமிழர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது. குறி பதிய மாதிரிக்குத் தேர்வு செய்ய இடம் வேண்டும். ‘திருக்குறளை எழுதியவர்’ என்பதற்குப் பிறகு வேறு எந்தப் பெயரை எழுதுவது? ‘திருவள்ளுவர்’ சிவப்பில் இருந்தாலும் அதைத்தான் எழுதியாக வேண்டும். சொல் தவறக் கூடாத இடங்களில், ஒரு தேதியில், ஒரு சட்டப் பிரிவில், ஒரு செய்முறைக் குறிப்பில், குறி பதிவதில்லை. இது எல்லா மொழிக்கும் பொது. நம் மொழிக்கு இன்னொன்று கூடுகிறது. மாதிரி நாம் நினைக்கிறபடி முழுச் சொல்லாக எழுதுவதில்லை. டோக்கன் எனும் துண்டு துண்டாக எழுதுகிறது. ஆங்கிலத்தில் பல சமயம் ஒரு சொல் ஒரு துண்டு. தமிழில் ஒரு சொல் பல துண்டாக உடைகிறது. ‘அவள் போய்க்கொண்டிருந்’ என்பது வரை எழுதியாகி, வாக்கியம் அங்கே முடிவதானால் மீதி ‘தாள்’தான். ‘தான்’ என்றோ ‘தார்’ என்றோ எழுத இலக்கணம் விடாது. அந்தத் துண்டு பச்சையா சிவப்பா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

இதன் அடிமட்டத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்காக ஒரே ஓர் எழுத்தைக் காட்டுகிறேன். ‘க்’ என்பது கணினிக்குள் இப்படி இருக்கிறது:

```
E0 AE 95 E0 AF 8D
```

ஓர் எழுத்துக்கு ஆறு பைட். யூனிகோட் தமிழ்ப் பகுதியில் ஒவ்வொரு குறியும் `E0` என்றுதான் தொடங்கும். அடுத்தது `AE` அல்லது `AF`. பழைய மாதிரிகள் சில தமிழை இந்த அளவுக்குக் கீழே உடைத்தே எழுதின. ஆறு துண்டில் நான்கு துண்டுக்குத் தேர்வு அநேகமாக இல்லாதபோது அங்கே என்ன குறியைப் பதிப்பது? புதிய மாதிரிகளில் தமிழுக்குப் பெரிய துண்டுகள் வந்திருக்கின்றன, நிலைமை தேறியிருக்கிறது. என்றாலும் ஆங்கிலத்தில் 200 துண்டில் கிடைக்கும் உறுதி தமிழில் 200 துண்டில் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் கணக்கு. ஆங்கிலத்தில் சோதித்துச் சொன்ன துல்லியத்தை ஒரு நிறுவனம் நம் பல்கலைக்கழகங்களிடம் கொண்டுவந்து காட்டினால், தமிழில் எத்தனை பகுதிகளை வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: ஒரே சொல்லிணை திரும்பத் திரும்ப வந்தால் ஒருமுறைதான் எண்ணுகிறீர்களா? கும்மிப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈற்றடி நாற்பது முறை வரும். அதன் சொல்லிணைகள் பச்சையாக அமைந்துவிட்டால் நாற்பது முறையும் பச்சை. நம் பாட்டிமார் பாடியது இயந்திரம் எழுதியதாகிவிடும். சரியாகச் செய்பவர்கள் ஒருமுறைதான் எண்ணுவார்கள்.

நான்காவது, மொழிபெயர்ப்பு. குறி ஆங்கிலச் சொற்களின் வரிசையில் இருக்கிறது. அந்த ஆங்கிலப் பகுதியை வேறொரு மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுத் தமிழாக்கினால் அந்த வரிசையே இல்லாமல் போகிறது. கூகுள் டீப்மைண்ட் தன்னுடைய சிந்த்ஐடி எனும் எழுத்து நீர்க்குறியை 2024 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் விளக்கியது. மேரிலாண்ட் முறையைவிட நுட்பமானது; ஜெமினியின் சுமார் இரண்டு கோடி பதில்களில் வைத்துப் பார்த்திருந்தார்கள், பதிலின் தரம் குறைந்ததாகப் பயனாளர்களுக்குத் தெரியவில்லை. அவர்களும் சொல்கிறார்கள்: நன்றாக மாற்றி எழுதினாலும் வேறு மொழிக்குப் பெயர்த்தாலும் கண்டறியும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். ஓப்பன்ஏஐயும் தன்னிடம் இருந்த நீர்க்குறி முறை பற்றி 2024 ஆகஸ்டில் இதையேதான் எழுதியது. ஆங்கிலத்தில் எழுத வைத்துத் தமிழாக்குவது நம் ஊரில் பழகிப்போன வழி. குறியை அழிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர்கூட அதை அழித்துவிடுகிறார்.

இதுவரை சொன்னது குறி அழிவதைப் பற்றி. எனக்கு அதைவிடக் கவலை தருவது குறி போலியாகப் பதிவது. சூரிக்கில் உள்ள இடிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2024-இல் ஒரு சோதனை செய்தார்கள். நீர்க்குறி போடும் ஒரு மாதிரியிடம் நிறையக் கேள்வி கேட்டு, பதில்களைச் சேர்த்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் அளவுக்கு மீறி வருகிறது என்று எண்ணினார்கள். சாவி தெரியாமலேயே பச்சைப் பட்டியல் ஓரளவு பிடிபட்டுவிட்டது. 50 டாலருக்கும் குறைந்த செலவு. பட்டியல் கையில் வந்தால் குறியை அழிக்கலாம்; தான் எழுதிய எழுத்தில் அந்தக் குறியைப் பதிக்கவும் செய்யலாம். ஒருவருடைய அறிக்கையைச் சில சொல் மட்டும் மாற்றி, ‘இது இயந்திரம் எழுதியது’ என்று சோதனைக் கருவியே சொல்லும்படி செய்துவிட முடியும். நூறு கோடியில் ஒன்றிரண்டு என்று நான் சொன்ன கணக்கு, யாரும் வேண்டுமென்றே விளையாடவில்லை என்ற நிபந்தனைக்கு உட்பட்டது.

இன்னொரு பக்கம், யாரும் தரவிறக்கிக்கொள்ளக் கூடிய திறந்த மாதிரிகள் இருக்கின்றன. 2022-இல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் எனும் பட மாதிரி வெளிவந்தபோது அதன் நிரலிலேயே கண்ணுக்குத் தெரியாத நீர்க்குறி ஒன்று இருந்தது. அதைப் பதித்தது இந்த ஒரு வரிதான்:

```
img = put_watermark(img, wm_encoder)
```

வரிக்கு முன்னால் ஒரு `#` போட்டால் கணினி அதைத் தாண்டிப் போய்விடும். பலர் அப்படித்தான் செய்தார்கள். குறி மாதிரியின் உள்ளே இருக்கவில்லை. வெளியே, படம் கைக்கு வருகிற வாசலில் இருந்தது. வாசல் நம் வீட்டிலேயே இருக்கும்போது அங்கே காவலுக்கு யார் நிற்பார்கள்?

எதிர்ப்பக்கத்திலிருந்து ஏற்கெனவே ஒரு முயற்சி தொடங்கியிருந்தது. போலிக்குக் குறி போட முடியாவிட்டால் உண்மைக்குச் சான்று கொடுப்போம் என்று. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி போன்றவர்கள் சேர்ந்து 2021-இல் சி2பிஏ என்ற கூட்டமைப்பை அமைத்தார்கள். படத்தைக் கேமரா எடுத்த கணத்திலேயே படத்தின் எண் சுருக்கத்தை, அதாவது ஹாஷை, கேமராவின் இரகசியச் சாவியால் கையொப்பமிட்டு, எடுத்த நேரம், பின்னர் செய்த திருத்தம் என்று எல்லாவற்றையும் ஒரு சீட்டாகக் கோப்புடன் சேர்த்துவிடுவார்கள். ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் பொருந்தாது. பத்திரப் பதிவு ஆவணம் மாதிரி, யார் கை மாறி வந்தது என்ற வரலாறு கூடவே வரும்.

சீட்டைப் பிய்ப்பது மிக எளிது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி மறுபடி எழுதும்போது கூட வந்த மெட்டாடேட்டா போய்விடுகிறது. அதே கோப்பை ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். வழக்கறிஞருக்கோ செய்தியாளருக்கோ ஒரு படத்தை ஆதாரமாக அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு இருந்தாலும் எதை நம்பலாம் என்பதற்கு 2025-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிக்கான் நிறுவனம் அந்த ஆகஸ்டில் ஒரு கேமராவுக்கு இந்தக் கையொப்ப வசதியைக் கொடுத்தது. சில நாட்களிலேயே ஒருவர் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். அந்தக் கேமராவில் ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தைப் பதித்து ஒன்றாக்கும் ‘மல்டிபிள் எக்ஸ்போஷர்’ வசதி உண்டு. கையொப்பம் இல்லாத படமொன்றை மெமரி கார்டில் வைத்து, அதை அடிப்படையாகக் கொண்டு இந்த வசதியைப் பயன்படுத்தினால், வெளிவரும் படத்துக்குக் கேமரா முறையாகக் கையொப்பம் போட்டுக்கொடுத்தது. சோதித்துப் பார்த்தால் கையொப்பம் செல்லும், ஹாஷ் பொருந்தும், சான்றிதழ் சரி. கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ‘இது லென்ஸ் வழியாக வந்த காட்சி’ என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் பிழை. செப்டம்பரில் நிக்கான் அந்தச் சேவையை நிறுத்தி, கொடுத்த சான்றிதழ்களை ரத்து செய்தது. அதனால் ஒழுங்காகப் படம் எடுத்துக் கையொப்பம் வாங்கியவர்களின் சான்றும் சேர்ந்து போயிற்று. ஓட்டை எதுவுமே இல்லாத கேமராவும், ஒரு பெரிய திரையில் ஓடுகிற போலிக் காட்சிக்கு எதிரே வைத்தால் அதைப் படமெடுத்துக் கையொப்பம் போடும். கேமராவைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

நம் நாட்டில் 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள், செயற்கையாக உருவாக்கிய காட்சியில் பத்தில் ஒரு பங்குப் பரப்பை லேபிள் பிடித்திருக்க வேண்டும் என்றன. 2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளில் அந்தப் பத்து சதவீதம் இல்லை. பளிச்சென்று தெரியும் லேபிளும், அகற்ற முடியாத மெட்டாடேட்டாவும் கேட்கிறார்கள். மெட்டாடேட்டா விஷயத்தில் தொழில்நுட்ப ரீதியாக இயன்ற அளவுக்கு என்று ஒரு வரம்பும் வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பு எவ்வளவு பெரியது என்று இவ்வளவு நேரம் பார்த்தோம். விதி வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். பெரிய நிறுவனங்களின் கருவியை அப்படியே பயன்படுத்தி, எதையும் மாற்றாமல் பகிர்கிறவர்கள்தாம் ஏராளம். அவர்களிடம் குறியும் லேபிளும் வேலை செய்யும். ஆனால் ‘லேபிள் இல்லை, எனவே உண்மை’ என்று ஒரு காவல் நிலையத்திலோ தேர்தல் அலுவலகத்திலோ யாராவது எழுதினால் அது தவறு. குறி இல்லாத எழுத்து, சொந்தமாக எழுதியதாக இருக்கலாம், மொழிபெயர்த்ததாக இருக்கலாம், குறியே போடாத ஒரு மொழி மாதிரி எழுதியதாக இருக்கலாம். மூன்றையும் பிரித்துச் சொல்ல அந்தக் கருவிக்கு வழியில்லை.

நண்பரின் மகளுக்கு வருகிறேன். அவள் கட்டுரையில் நீர்க்குறி எதுவும் தேடப்படவில்லை. வெறும் ஊக எண்தான். ஒருவேளை தேடிக் கிடைக்கவில்லை என்றாலும் அதுவும் அவளுக்கு உதவியிருக்காது. உதவியது வேறு. கட்டுரையைத் தட்டச்சு செய்த மென்பொருள் பழைய வடிவங்களை நேரத்தோடு சேமித்து வைத்திருந்தது. இருவரும் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தோம். மூன்று இரவுகள். இரண்டாம் இரவு ஒரு பத்தி முழுவதையும் அழித்திருக்கிறாள். மறுநாள் அதையே வேறு வரிசையில் எழுதி, ஒரு மேற்கோளை எடுத்துவிட்டு, இன்னொன்றை வைத்திருக்கிறாள். எதற்காக மாற்றினாய் என்றேன். முதல் மேற்கோள் தன் வாதத்துக்கு எதிராகப் போகிறது என்று பிறகுதான் புரிந்தது என்றாள்.

அந்த வடிவங்களை அச்செடுத்துக்கொண்டு பேராசிரியரைப் பார்க்கப் போனாள். அவர் சிவப்பு எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பத்தியைப் பற்றி இருபது நிமிடம் கேள்வி கேட்டாராம். மறு வாரம் மதிப்பெண் வந்தது.